உண்டியல் கணக்கில் 1448 எப்படி வந்தது?

கேள்வி: வணக்கம் சார், மேலூரிலிருந்து எழுதுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு. கைடில் உள்ள ஒரு கணக்கை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அக்காவும் தம்பியும் சித்திரைத் திருவிழாவுக்காக ஒரே உண்டியலில் வாராவாரம் காசு போடுகிறார்கள். அக்கா முதல் வாரம் 20 ரூபாய், அப்புறம் வாரத்துக்கு 5 ரூபாய் கூடுதலாக. தம்பி முதல் வாரம் 1 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைப் போல் இரு மடங்கு. மொத்தம் எவ்வளவு, தம்பியின் சேமிப்பு எந்த வாரத்தில் அக்காவின் சேமிப்பைத் தாண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை வாரம் என்ற இடம் மடிப்பில் மறைந்துவிட்டது. மகள் 10 வாரம் என்று வைத்துக்கொண்டு a = 21, d = 6 போட்டு 480 என்கிறாள். தீர்வில் 425 + 210 − 1 என்று தெரிகிறது, அது 634. ஆனால் விடை 1448 என்று போட்டிருக்கிறது. எது சரி?

பதில்: 1448தான் சரி. தீர்வில் இருப்பது 210 அல்ல, 2¹⁰. அதாவது இரண்டைப் பத்து முறை எழுதிப் பெருக்கினால் வரும் 1024. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 425-இல் உள்ள 2, 5 இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. 210 என்று தெரிகிற இடத்தில் 2 மட்டும் அந்த உயரத்தில் இருக்கிறது, 1-ம் 0-ம் கொஞ்சம் சிறிதாகி மேலே ஏறியிருக்கின்றன. மங்கலான அச்சு, அதைச் சாய்வாக எடுத்த போட்டோ, இரண்டும் சேர்ந்ததில் அடுக்கு கீழே இறங்கிவிட்டது. 425 + 1024 − 1 என்று கூட்டிப் பாருங்கள், 1448 வரும்.

இப்படி அடுக்கு இறங்கிப்போவது போட்டோவில் வரும் கணக்குகளில் அடிக்கடி நடக்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு கணக்கில் "ஒவ்வொரு வாரமும் இரு மடங்கு" என்பதுபோல் இருந்தால் தீர்வில் 2-இன் அடுக்கு எங்காவது வந்தே ஆக வேண்டும். நீங்கள் பார்க்கும் தீர்வில் அப்படி எதுவும் இல்லாமல் 25, 28, 210 போல 2-இல் தொடங்கும் எண் ஒன்று திடீரென்று நின்றால், அது 2⁵, 2⁸, 2¹⁰ ஆகத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுங்கள்.

சரி, மகள் போட்ட 480-க்கு வருவோம். உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். முதல் வாரம் உண்டியலில் விழுந்தது 20 + 1 = 21. இரண்டாம் வாரம் 25 + 2 = 27. வித்தியாசம் 6. உடனே கூட்டுத் தொடர்வரிசை என்று முடிவுசெய்து சூத்திரத்தில் போட்டிருக்கிறாள். இரண்டு உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வரிசையை எந்த வகை என்றும் சொல்ல முடியாது. எந்த இரண்டு எண்ணுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும், ஒரு விகிதமும் இருக்கும். மூன்றாவதையும் நான்காவதையும் எழுதிய பிறகுதான் வண்டவாளம் தெரியும். எழுதிப் பார்ப்போம்:

வாரம் 1: 20 + 1 = 21
வாரம் 2: 25 + 2 = 27
வாரம் 3: 30 + 4 = 34
வாரம் 4: 35 + 8 = 43
வாரம் 5: 40 + 16 = 56
வாரம் 6: 45 + 32 = 77
வாரம் 7: 50 + 64 = 114
வாரம் 8: 55 + 128 = 183
வாரம் 9: 60 + 256 = 316
வாரம் 10: 65 + 512 = 577

வலது ஓரத்தில் உள்ள எண்களின் வித்தியாசம் 6, 7, 9, 13, 21 என்று மாறிக்கொண்டே போகிறது. ஆகவே அது கூட்டுத் தொடர்வரிசை இல்லை. 27-ஐ 21-ஆல் வகுத்தால் வருவதும் 34-ஐ 27-ஆல் வகுத்தால் வருவதும் வேறுவேறு, எனவே பெருக்குத் தொடர்வரிசையும் இல்லை. இந்த ஓரத்துக்கு நேரடியாகப் போட நம் கையில் சூத்திரமே கிடையாது.

சில பிள்ளைகள் வேறு மாதிரி தடுக்கி விழுவார்கள். முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் தெரிகிறதே என்று `n/2 (a + l)` சூத்திரத்தில் 21-ஐயும் 577-ஐயும் போடுவார்கள். 5 × 598 = 2990 வரும், சரியான விடையைப் போல் இரண்டு பங்குக்கும் மேல். அந்தச் சூத்திரம் எதை நம்பி நிற்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும். முதலும் கடைசியும் ஒரு ஜோடி, இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் ஒரு ஜோடி என்று சேர்த்தால் எல்லா ஜோடியும் ஒரே தொகையாக வர வேண்டும். அக்காவின் எண்களில் அப்படியே வருகிறது: 20 + 65 = 85, 25 + 60 = 85, 30 + 55 = 85. உண்டியல் எண்களில் முதல் ஜோடி 598, அடுத்த ஜோடி 27 + 316 = 343. ஜோடிகள் சமமாக இல்லாத இடத்தில் அந்தச் சூத்திரம் செல்லாது.

அப்படியானால் என்ன செய்வது? கூட்டுகிற திசையை மாற்ற வேண்டும். மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் பேரேடு எழுதுபவர்களைப் பார்த்தால் இது புரியும். ஒவ்வொரு வரியையும் குறுக்கே கூட்டி, அந்தத் தொகைகளையெல்லாம் கீழே சேர்த்தாலும், ஒவ்வொரு பத்தியையும் நெடுக்கே கூட்டி, பத்திகளின் தொகைகளைச் சேர்த்தாலும் கடைசித் தொகை ஒன்றுதான் வரும். நம் கணக்கிலும் அதே கதை. குறுக்கே கூட்டினால் 21, 27, 34 என்று ஒழுங்கில்லாத வரிசை கிடைக்கிறது. நெடுக்கே பார்த்தால் இடது பத்தி 20, 25, 30 என்று சுத்தமான கூட்டுத் தொடர்வரிசை, வலது பத்தி 1, 2, 4 என்று சுத்தமான பெருக்குத் தொடர்வரிசை. இரண்டுக்கும் மகளுக்குச் சூத்திரம் தெரியும். இருவர் காசையும் கலக்காமல் தனித்தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை சேர்த்தால் போதும்.

அக்காவின் பத்தியில் a = 20, d = 5, n = 10.

`S = n/2 [2a + (n − 1)d] = 5 [40 + 45] = 425`

தம்பியின் பத்தியில் a = 1, r = 2, n = 10.

`S = a(rⁿ − 1)/(r − 1) = (1024 − 1)/1 = 1023`

தம்பியின் பக்கம் ஏன் 2¹⁰ − 1 வருகிறது என்பதை மகள் ஒரு முறை கையால் போட்டுப் பார்க்கட்டும். அவன் போட்டது 1 + 2 + 4 + … + 512. இதை முழுவதும் இரண்டால் பெருக்கினால் 2 + 4 + 8 + … + 1024. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்கும்போது 2 முதல் 512 வரை எல்லாம் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது 1024 − 1. இதைப் புரிந்துகொண்டு போட்டால் இன்னொரு தவறும் நேராது. கடைசி வாரம் போட்ட காசு 2⁹ = 512, ஆனால் கூடுதலில் வருவது 2¹⁰. உறுப்புக்கு n − 1 அடுக்கு, கூடுதலுக்கு n அடுக்கு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு 511 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. 511 என்பது ஒன்பது வாரத்துத் தொகை. பத்தாம் வாரம் மட்டுமே 512 போட்ட பையனின் மொத்தச் சேமிப்பு 511 ஆக இருக்க முடியாது என்று ஒரு நொடி யோசித்தாலே தவறு தெரிந்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால் 425 + 1023 = 1448 ரூபாய். நம்பிக்கை வராவிட்டால் மேலே உள்ள வலது ஓரத்தின் பத்து எண்களையும் கையால் கூட்டிப் பாருங்கள், அதே 1448 வரும்.

இனி மடிப்பில் மறைந்த எண். மகள் 10 என்று வைத்துக்கொண்டது ஊகம். ஆனால் அதை ஊகிக்கத் தேவையே இல்லை, தீர்வில் தெரிகிற 425-ஐ வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அக்காவின் n வாரத் தொகை `n/2 [40 + 5(n − 1)]`, அதாவது `n(5n + 35)/2`. இது 425-க்குச் சமம் என்று எழுதி, இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் `n² + 7n − 170 = 0` கிடைக்கும். காரணிப்படுத்தினால் `(n − 10)(n + 17) = 0`. வாரங்கள் −17 ஆக முடியாது, எனவே n = 10. அடுக்காக ஏறி நிற்கும் 10-ம் இதோடு ஒத்துப்போகிறது. ஒரு போட்டோவில் ஓர் இடம் அழிந்திருந்தால் மற்ற இடங்களிலிருந்து இப்படி மீட்டெடுக்கலாம். அதற்கு அக்காவின் பக்கம் வசதி, அங்கே இருபடிச் சமன்பாடு வருகிறது. தம்பியின் தொகை தெரிந்திருந்தால் இன்னும் எளிது: 1023-உடன் 1 சேர்த்து, அது 2-இன் எத்தனையாவது அடுக்கு என்று பார்த்தால் முடிந்தது. ஆனால் இருவரும் சேர்ந்த 1448 மட்டும் தெரிந்திருந்தால் `n(5n + 35)/2 + 2ⁿ − 1 = 1448` என்ற சமன்பாட்டில் n ஒரு பக்கம் பெருக்கலிலும் இன்னொரு பக்கம் அடுக்கிலும் உட்கார்ந்திருக்கும். பள்ளியில் படிக்கும் எந்த முறையாலும் அதை நேராகத் தீர்க்க முடியாது. 8, 9, 10 என்று ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதே சிக்கல்தான் உங்கள் கணக்கின் இரண்டாம் பாகத்திலும் வருகிறது. அங்கே கேள்வியைப் படிப்பதில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். "தம்பியின் சேமிப்பு அக்காவின் சேமிப்பைத் தாண்டும்" என்றால், அந்த வாரம் மட்டும் போட்ட காசா, அதுவரை போட்ட மொத்தக் காசா? வாரக் காசு என்றால் விடை 7. ஆறாம் வாரம் அக்கா 45, தம்பி 32. ஏழாம் வாரம் அக்கா 50, தம்பி 64. ஆனால் சேமிப்பு என்ற சொல் சேர்ந்த மொத்தத்தைத்தான் குறிக்கும். மொத்தத்தை வரிசையாக எழுதினால்:

அக்கா: 20, 45, 75, 110, 150, 195, 245, 300, 360, 425
தம்பி: 1, 3, 7, 15, 31, 63, 127, 255, 511, 1023

எட்டாம் வார முடிவில் அக்கா 300, தம்பி 255. ஒன்பதாம் வார முடிவில் அக்கா 360, தம்பி 511. ஆக விடை 9-ஆம் வாரம். ஏழாம் வாரத்திலேயே வாரக் காசில் முந்தியவனுக்கு மொத்தத்தில் முந்த இன்னும் இரண்டு வாரம் ஏன் பிடித்தது? ஆறு வாரம் முடிந்தபோது அவன் 195 − 63 = 132 ரூபாய் பின்தங்கியிருந்தான். ஏழாம் வாரம் அதில் 14 ரூபாயை மட்டும் ஈடுகட்டினான், எட்டாம் வாரம் 73. இன்னும் 45 பாக்கி. ஒன்பதாம் வாரம் அக்கா 60 போட, அவன் 256 போட்டபோதுதான் பாக்கி தீர்ந்து மிச்சமும் வந்தது. தேர்வுத்தாளில் இந்த இரண்டு வரிசையையும் எட்டு, ஒன்பதாம் வாரங்கள் வரை எழுதிக்காட்டச் சொல்லுங்கள். `2ⁿ − 1 > n(5n + 35)/2` என்று எழுதிவைத்துவிட்டு அதைச் சுருக்கிக்கொண்டே போனால் நேரம்தான் போகும்.

கேள்வியில் அக்கா, தம்பி என்று பிரித்துச் சொல்லாமல், உண்டியலில் விழுந்த 21, 27, 34, 43, 56, 77 என்ற எண்களை மட்டும் கொடுத்திருந்தால் என்ன செய்வது என்று மகள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வித்தியாசங்களை எழுதுங்கள்: 6, 7, 9, 13, 21. அந்த வித்தியாசங்களுக்கும் வித்தியாசம் எடுங்கள்: 1, 2, 4, 8. உள்ளே இருந்த பெருக்குத் தொடர்வரிசை வெளியே வந்துவிட்டது. ஏன் என்றால், ஒரு முறை வித்தியாசம் எடுத்ததும் அக்காவின் பங்கு எல்லா இடத்திலும் 5, 5, 5 என்று ஒரே எண்ணாகிவிடுகிறது. இன்னொரு முறை எடுத்ததும் அது 0 ஆகி மறைந்துபோகிறது. தம்பியின் பங்கோ எத்தனை முறை வித்தியாசம் எடுத்தாலும் பெருக்குத் தொடர்வரிசையாகவே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விகிதம் 2 என்பதால்தான் வித்தியாசத்திலும் அதே 1, 2, 4 வந்தது. விகிதம் 3 என்றால் 1, 3, 9, 27-இன் வித்தியாசம் 2, 6, 18, அதன் வித்தியாசம் 4, 12. ஒவ்வொரு முறையும் (r − 1)-ஆல் பெருகிவிடுகிறது. ஆகவே இரண்டு முறை வித்தியாசம் எடுத்த பிறகு கிடைக்கும் எண்களை (r − 1)²-ஆல் வகுத்தால்தான் உண்மையான பெருக்குத் தொடர்வரிசை கிடைக்கும். அதை முதலில் கொடுத்த எண்களிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கூட்டுத் தொடர்வரிசை. மிஞ்சியது கூட்டுத் தொடர்வரிசையாக வராவிட்டால் நீங்கள் பிரித்தது தவறு, அல்லது அந்த வரிசை இந்த வகையே இல்லை.

பத்தாம் வகுப்பில் வரும் 5 + 55 + 555 + … கணக்கும் இதே குடும்பம்தான். பல பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், தேவையில்லை. 5-ஐ வெளியே எடுத்து, 9-ஆல் பெருக்கி வகுத்தால் உள்ளே 9 + 99 + 999 என்று வரும். அதாவது (10 − 1) + (100 − 1) + (1000 − 1). இங்கும் இரண்டு பத்திகள்: ஒன்று 10, 100, 1000 என்ற பெருக்குத் தொடர்வரிசை, இன்னொன்று 1, 1, 1 என்று பொது வித்தியாசம் 0 ஆக உள்ள கூட்டுத் தொடர்வரிசை. மூன்று உறுப்புகளுக்கு 5/9 × (1110 − 3) = 615. நேராகக் கூட்டினாலும் 5 + 55 + 555 = 615.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று பதினொன்றாம் வகுப்பில் காத்திருக்கிறது. அக்கா சொன்ன எண்ணையும் தம்பி சொன்ன எண்ணையும் ஒவ்வொரு வாரமும் பெருக்கி அந்தத் தொகையை உண்டியலில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 20 × 1, 25 × 2, 30 × 4. இது கூட்டுப் பெருக்குத் தொடர். இங்கே பத்திகளைத் தனித்தனியே கூட்டிப் பெருக்கும் வேலை நடக்காது. இரண்டு வாரத்துக்குப் பார்த்தாலே தெரியும்: உண்மையான தொகை 20 + 50 = 70, பத்திகளைக் கூட்டிப் பெருக்கினால் 45 × 3 = 135. கேள்வியில் இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று கூடுகின்றனவா, பெருகுகின்றனவா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். பெருகினால் முறையே வேறு.

மகள் எந்தச் சூத்திரத்தை எழுதினாலும் அதில் n = 1, n = 2 போட்டுப் பார்க்கும் பழக்கம் வரட்டும். நம் சூத்திரம் `n(5n + 35)/2 + 2ⁿ − 1`. n = 1 போட்டால் 20 + 1 = 21, முதல் வாரத்துக் காசு. n = 2 போட்டால் 45 + 3 = 48, அதாவது 21 + 27. இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. அவள் போட்ட a = 21, d = 6 என்பது n = 1-இல் தேறிவிடும், n = 2-இலும் தேறிவிடும், ஏனென்றால் அந்த இரண்டு எண்களிலிருந்துதான் அவள் அதை எடுத்தாள். மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும்: அவள் கணக்கில் 21 + 27 + 33 = 81, உண்மையில் 82. சூத்திரத்தை எந்த உறுப்புகளிலிருந்து எடுத்தோமோ அவற்றுக்கு அடுத்ததில் சோதித்தால்தான் அது சோதனை.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு: 5, 8, 13, 22, 39, … என்ற வரிசையின் முதல் 8 உறுப்புகளின் கூடுதல் என்ன? வித்தியாசங்கள் 3, 5, 9, 17. அடுத்த வித்தியாசங்கள் 2, 4, 8. விகிதம் 2 என்பதால் வகுக்க வேண்டியதில்லை, பெருக்குப் பங்கு 2, 4, 8, 16, 32. கழித்தால் மிஞ்சுவது 3, 4, 5, 6, 7. எட்டு உறுப்புகளுக்குப் பெருக்குப் பங்கு 2(2⁸ − 1) = 510, கூட்டுப் பங்கு 3 முதல் 10 வரை 52. விடை 562.